மாதேசுக்குப் பிறந்தநாள் பாட்டு

(நம் ஊர்க் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழு தவறாமல் பாடும் அந்தப் படப் பாட்டின் மெட்டிலேயே இதைப் பாட வேண்டும். பல்லவியை எல்லோரும் கைதட்டிப் பாடுங்கள். சரணங்களை நான் பாடுகிறேன். இரண்டாம் சரணத்தின் கடைசி வரியை மட்டும் மெதுவாக எடுக்க வேண்டும், ஏனெனில் அது விளையாட்டுக்கு எழுதியது அன்று.)

பல்லவி
ஏற்காட்டு மலையிலே இருபது வளைவும் ஏறிவந்தோம்,
எங்கள் மாதேசு பிறந்தநாளை இன்றைக்குக் கொண்டாட வந்தோம்!
முப்பது வயது முடிந்தபின்னும் முகத்தில் குறும்பு மாறவில்லை,
மூன்று தட்டுவடை செட்டு முடித்தபின்னும் நண்பனின் பசியோ ஆறவில்லை!

சரணம் 1
முதல் வளைவில் சன்னலோரம் கேட்டவன், மூன்றாம் வளைவில் கண்ணை மூடி,
எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஏழாம் வளைவில் தோளில் சாய்ந்து,
பத்தாம் வளைவில் குரங்கைக் கண்டதும் பட்டென்று விழித்து எழுந்து,
பையில் இருந்த வாழைப்பழத்தைப் பத்திரமாக ஒளித்துக்கொண்டான்!

சரணம் 2
இரண்டு தட்டுவடைக்கு நடுவிலே பீட்ரூட், காரட் துருவல் வைத்து,
சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி தடவிக் கடைக்காரர் நீட்டும் முன்னே
வாயைத் திறந்து நிற்கும் நண்பா, வாங்கித் தருவதும் நீதானே!
வண்டி பஞ்சரான மழைநாளில், சேலம் ஐந்து ரோட்டில் தொடங்கி
அஸ்தம்பட்டி வரைக்கும் என்னோடு தள்ளிவந்தவனும் நீதானே!

சரணம் 3
சில்வர் ஓக்கைச் சுற்றிப் படரும் மிளகுக் கொடிபோல் நம் நட்பு
ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து படர, ஆயுள் நூறு நீ வாழ்க!
கேக்கை வெட்டு, மாதேசு! முதல் துண்டு அம்மாவுக்கு, அடுத்த துண்டு எனக்கு!