குளுக்கோவிட்டா எதிர் குளுவிட்டா: தீர்ப்புச் சுருக்கம்

கார்ன் புராடக்ட்ஸ் ரிஃபைனிங் கம்பெனி எதிர் ஷாங்ரிலா ஃபுட் புராடக்ட்ஸ். உச்ச நீதிமன்றம், 8 அக்டோபர் 1959. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏ.கே. சர்க்கார்.

அடுத்த வாரம் கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்தில் நம்முடைய ஆட்சேப மனு விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன்னால் ஜூனியர்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்துவிட வேண்டும். நேரம் இல்லாதவர்கள் இந்தச் சுருக்கத்தையாவது படியுங்கள். தீர்ப்பு பழையது, ஆனால் பெயர் ஒப்பீட்டில் இன்றும் இதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறோம்.

நடந்தது இது. குளுக்கோஸ் தயாரிக்கும் கார்ன் புராடக்ட்ஸ், வைட்டமின் கலந்த குளுக்கோஸ் பவுடருக்கு 'குளுக்கோவிட்டா' என்ற பெயரை 1942இல் பதிவு செய்திருந்தது. ஷாங்ரிலா பிஸ்கட் கம்பெனி. 5 நவம்பர் 1949 அன்று, பிஸ்கட்டுக்கு 'குளுவிட்டா' என்ற பெயரைப் பதியக் கேட்டு விண்ணப்பித்தது. ஜர்னலில் விளம்பரம் வந்ததும் கார்ன் புராடக்ட்ஸ் ஆட்சேபம் தாக்கல் செய்தது.

அப்புறம் பத்து வருடம் வழக்கு ஊசலாடியது. துணைப் பதிவாளர் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தேசாய் அதை மாற்றி, பெயரைப் பதியக் கூடாது என்றார். அதே நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சாக்ளா இருந்த டிவிஷன் பெஞ்ச் தேசாயின் உத்தரவை ரத்து செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் தேசாய் சொன்னதே சரி என்றது. ஒரே இரண்டு பெயர்களைப் பார்த்து நான்கு கட்டங்களில் மாறி மாறி முடிவு வந்திருக்கிறது, அதனால் எதிர்த்தரப்பு வாதம் ஒன்றும் சொத்தையானது இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சட்டம் அப்போது 1940ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டம். முடிவு நின்றது அதன் 8(அ) பிரிவின் மேல்: ஏமாற்றவோ குழப்பவோ வாய்ப்புள்ள பெயரைப் பதியக் கூடாது. குளுக்கோஸும் பிஸ்கட்டும் ஒரே சரக்கு இல்லை. ஆகவே ஆட்சேபித்தவர் முதலில் காட்ட வேண்டியது, தன் பெயருக்கு வாங்குபவர்களிடம் மதிப்பு இருக்கிறது என்பதை. வியாபாரிகளிடம் பெயர் இருக்கிறது, பொதுமக்களிடம் இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று டிவிஷன் பெஞ்ச் பிரித்துப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் சாட்சியத்தைப் பார்த்து, பொதுமக்களிடமும் அந்தப் பெயர் பரவியிருந்தது என்ற முடிவுக்கு வந்தது.

இனி பெயர்கள். குளுக்கோவிட்டா, குளுவிட்டா. முதல் பெயரிலிருந்து 'கோ' என்ற ஒரு அசையை எடுத்துவிட்டால் இரண்டாவது பெயர் வந்துவிடுகிறது. தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று, நடுவில் ஓர் அசை மட்டும் இல்லை. நீதிமன்றம் வைத்த அளவுகோல் என்னவென்றால், பெயரைத் துண்டு துண்டாக வெட்டாமல் முழுதாகப் பார்க்க வேண்டும், அதுவும் சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு மனிதனின் கண்ணால். கடைக்காரரிடம் கேட்பவர் இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. போன மாதம் வீட்டில் பார்த்த பெயரை நினைவிலிருந்து சொல்கிறார், அந்த நினைவில் 'கோ' இருந்ததா இல்லையா என்று யார் சத்தியம் செய்வார்கள்? இதோடு நீதிமன்றம் இன்னொன்றையும் சேர்த்தது: இவை ஆங்கிலச் சாயல் உள்ள சொற்கள், நம் மக்களில் பெரும்பாலோருக்கு அந்நியச் சொற்கள், அதனால் ஒரு அசை வித்தியாசம் அவர்களுக்கு உதவாது. எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான். லண்டன் வழக்குகளில் வரும் வாங்குபவரை அப்படியே இறக்குமதி செய்யாமல், இந்த ஊரில் கடைக்குப் போகிறவரை நீதிமன்றம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

தோற்றம், ஒலி இரண்டோடு மூன்றாவதாகக் கருத்து. இரண்டு பெயருமே குளுக்கோஸையும் வைட்டமினின் உயிரூட்டும் தன்மையையும் நினைவுபடுத்துகின்றன, அதுவும் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்றது நீதிமன்றம். இங்கே எனக்கு முழு உடன்பாடு இல்லை. குளுக்கோஸ் ஒரு பொருளின் பெயர், அதைச் சுட்டும் உரிமை எல்லா உற்பத்தியாளருக்கும் வேண்டும். கருத்தை மட்டும் வைத்துத் தடுத்தால் ஒருவர் சரக்கின் குணத்தையே சொந்தமாக்கிவிடுவார். ஆனால் இங்கே கருத்து தனியாக நிற்கவில்லை, அமைப்பும் ஒலியும் ஏற்கனவே ஒத்துப்போன பிறகு மேலே ஏறி உட்கார்ந்தது. நம் வாதத்திலும் அதே வரிசையில்தான் வைக்க வேண்டும்.

இதை 1906ஆம் ஆண்டு பியானோட்டிஸ்ட் வழக்கோடு சேர்த்துப் படியுங்கள். அங்கே நீதிபதி பார்க்கர், சொல்லின் தோற்றம், ஒலி, சரக்கு, வாங்குபவர் எப்படிப்பட்டவர் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு 'நியோலா'வும் 'பியானோலா'வும் குழப்பாது என்றார், ஏனென்றால் விலை உயர்ந்த இசைக்கருவியை யோசிக்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். பிஸ்கட் அப்படி இல்லை. சோதனை ஒன்றே, சரக்கு மாறியதும் விடை மாறுகிறது.

சரி, டிவிஷன் பெஞ்சின் வலுவான காரணம் எது? பதிவேட்டில் 'குளுக்கோ' என்று தொடங்கும் பெயர்களும் 'விட்டா' என்று முடியும் பெயர்களும் நிறைய இருக்கின்றன, எனவே மக்கள் இந்தப் பொதுத் துண்டுகளைப் பொருட்படுத்தாமல் மீதி வித்தியாசத்தைப் பார்த்தே பிரித்தறிவார்கள் என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இதை ஒரே கேள்வியில் சாய்த்தது: அந்தப் பெயர்கள் சந்தையில் இருக்கின்றனவா? பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பதால் அது புழக்கத்தில் இருக்கிறது என்று ஆகாது, பதிந்துவிட்டு ஒரு பாக்கெட்கூட விற்காமல் விட்டிருக்கலாம். பொதுத் துண்டு என்று சொல்பவர்தான் அந்தப் பெயர்கள் பரவலாகப் புழங்குவதை நிரூபிக்க வேண்டும். ஷாங்ரிலா அதை நிரூபிக்கவில்லை.

சரக்கு வேறு என்ற வாதமும் நிற்கவில்லை. பிஸ்கட் செய்வதில் குளுக்கோஸ் சேர்கிறது. அதனால் பிஸ்கட் பாக்கெட்டில் குளுவிட்டா என்று பார்ப்பவர், குளுக்கோவிட்டா கம்பெனியின் குளுக்கோஸில் செய்தது போலிருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. நீதிமன்றம் இதைச் சரக்குகளுக்கு இடையிலான வியாபாரத் தொடர்பு என்று பார்த்தது. இங்கிலாந்தில் ஈனோ வழக்கில் 'ஃப்ரூட் சால்ட்' என்ற பெயரைப் பேக்கிங் பவுடருக்குத் தர மறுத்ததும் இதே வழியில்தான்.

முடிவு: மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது, குளுவிட்டா பதிவுக்கு மறுப்பு.

மூன்று வருடத்துக்குள் 1962இல் அமிர்ததாரா, லட்சுமண்தாரா வழக்கு வந்தது. அமிர்தத்தின் தாரை வேறு, லட்சுமணனின் தாரை வேறு என்று பொருள் பிரித்துக் காட்டினார்கள். அரைகுறை ஞாபகம் உள்ளவர் சொல்லுக்குப் பொருள் பிரித்துக்கொண்டு மருந்து வாங்க மாட்டார் என்று இந்த அளவுகோலே அங்கும் வந்தது. ஆனால் அங்கே நேர்மையான நீண்ட நாள் பயன்பாடும், ஆட்சேபித்தவர் சும்மா இருந்ததும் சேர்ந்ததால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவு கிடைத்தது. ஒத்துப்போகிறது என்று நிரூபித்தாலே ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

நம் வழக்குக்கு ஒரு வேலை பாக்கி. எதிர்த்தரப்பு பதிவேட்டுத் தேடலை அச்செடுத்து இருபது பெயர்களைக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் பில், விளம்பரம், விற்பனைக் கணக்கு எங்கே என்று கேட்டுப் பதில் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். இப்போது சட்டம் 1999ஆம் ஆண்டுச் சட்டம், நாம் நிற்பது 11ஆம் பிரிவில். நம் கட்சிக்காரரின் பில்களை ஆண்டு வாரியாக அடுக்கி வெள்ளிக்கிழமைக்குள் என் மேஜையில் வையுங்கள்.