துவாஸிலிருந்து அப்பா அம்மாவுக்கு

துவாஸ், சிங்கப்பூர்
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு மகன் செந்தில் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். அங்க நீங்க, அப்பத்தா, பிரியா எல்லாரும் சுகம்தானே?

தினமும் போன்ல பேசிட்டு இப்ப எதுக்கு லெட்டர்னு நினைப்பீங்க. அப்பாவுக்கு போன்ல பாதி காதுல விழாது. அம்மா ‘சாப்ட்டியா’ன்னு கேட்டுட்டு அழ ஆரம்பிச்சிடும். ரூம்ல பன்னெண்டு பேரு, காசு விஷயத்தைச் சத்தமாப் பேசவும் முடியலை. நம்ம பிளாக்குல இருக்கற கமுதி முருகேசண்ணன் லீவுல ஊருக்கு வர்றாரு. அவர் கையிலயே கொடுத்து விடுறேன். பிரியா, அப்பா பக்கத்துல உக்காந்து நிறுத்தி நிறுத்திப் படி.

வந்ததும் மெடிக்கல், கைரேகைன்னு அலைய விட்டாங்க. ஒரு நாள் தமிழ்லயே வகுப்பு எடுத்தாங்க. சம்பளம் பேங்க் கணக்குலதான் போடணும், மாசாமாசம் சம்பளச் சீட்டு தரணும், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. பாஸ்போர்ட்டு என் பெட்டியிலதான் பூட்டி இருக்குப்பா, அதைப் பத்தி நீங்க யோசிக்க வேண்டாம். உடம்புக்கு முடியலைன்னா டார்மிட்டரி ஆளுங்களுக்குன்னே கிளினிக் இருக்கு. ஒரு தடவை போனா அஞ்சு வெள்ளிதான்.

வேலை தெங்காங்கற இடத்துல. காட்டை அழிச்சுப் புது ஊரே கட்டிக்கிட்டு இருக்காங்க, எல்லாம் அரசாங்க அடுக்குமாடி வீடு. எனக்குக் கம்பி கட்டுற வேலை. ஸ்கில் டெஸ்ட்டுக்குப் பழகினப்போ நிழல்ல நின்னு கட்டினோம். இங்க தளத்துல விரிச்ச கம்பி மேலயே குனிஞ்சு நின்னு கட்டணும். 13 மில்லி கம்பி ரெண்டு குறுக்க வர்ற இடத்துல கட்டுக்கம்பியைச் சுத்தி, கொக்கியை மாட்டி ரெண்டு முறுக்கு. மூணாவது முறுக்கு விட்டா அறுந்துடும். மத்தியானம் கம்பி கொதிக்கும், கிளவுஸைத் தாண்டிச் சுடும். முதல் வாரம் இடுப்பை நிமித்த முடியலை. இப்ப கை தன்னால போகுது. ஓரத்துல வேலைன்னா பெல்ட்டு மாட்டி, கொக்கியை லைன்ல போட்டாத்தான் விடுவாங்க. மாட்டாம நின்னா சேஃப்டி ஆபீசர் அப்பவே கீழ இறக்கிடுவாரு. இடி மின்னல் எச்சரிக்கை வந்தா மொத்தப் பேரையும் கூரைக்குக் கீழ வரச் சொல்லிடுவாங்க. அதனால மேல இருந்து விழுந்துடுவானோன்னு அப்பத்தாவைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க.

விடியக்காலம் அஞ்சு மணிக்கு முன்னாடி எந்திரிக்கணும், ஆறு மணிக்கு லாரி. பின்னாடி பலகையில உக்காந்தபடியே எல்லாரும் தூங்கிடுவோம். ஓ.டி. இருந்தா ராத்திரி ரூமுக்கு வர ஒன்பது ஆகும்.

சாப்பாட்டைப் பத்தி அம்மாகிட்ட போன்ல நல்லா இருக்குன்னுதான் சொல்லிட்டு இருக்கேன். பரவாயில்லைன்னு வச்சுக்க. கேட்டரிங் ஆளு காலை, மத்தியானம் ரெண்டு வேளைப் பொட்டலத்தையும் விடியறதுக்கு முன்னாடியே கொண்டாந்து வச்சுட்டுப் போயிடுவான். எப்ப ஆக்குனதோ தெரியாது. மத்தியானம் பிரிச்சா சோறு கட்டியா இருக்கும், சாம்பார்ப் பையில லேசாப் புளிப்பு வாடை வரும். பசியில இறங்கிடும்னு வச்சுக்க, ஆனா முட்டைக்கோஸை இனிமே நம்ம வீட்டுல செய்யாதம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் கீழ இருக்கற பொது அடுப்புல நாங்களே ஆக்கிக்கிறோம். நான் வச்ச புளிக்குழம்பை நாலு பேரு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. அதுல ஒருத்தர் பங்களாதேஷ்காரர், நம்மளை விட உறைப்பு தாங்குறாரு!

தீபாவளிக்கு இங்கயும் லீவு. தேக்கா பக்கம் போனோம். சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு, கால் வைக்க இடமில்லை. வீரமாகாளியம்மன் கோயில்ல உங்க எல்லார் பேரையும் சொல்லிக் கும்பிட்டேன். தெருவுல எங்க பாத்தாலும் நம்ம பக்கத்துப் பேச்சு. அன்னிக்கு மட்டும் வெளிநாட்டுல இருக்கற மாதிரியே இல்லை.

அப்பா, இனி முக்கியமான விஷயம்.

ஏஜென்ட் மாசம் எழுபதாயிரம் கையில நிக்கும்னு சொன்னதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பேசிக் ஒரு நாளைக்கு 20 வெள்ளி. ஓ.டி. மணிக்கு 3 வெள்ளி 75 காசு. முழு மாசம் நல்லா ஓ.டி. கிடைச்சா எல்லாம் சேர்ந்து 790 வெள்ளி வரும். சாப்பாட்டுக்கு 140, என் செலவுக்கு 80 போனா மிச்சம் 570. ஒரு வெள்ளி இப்ப 68 ரூபாய்க்குப் போகுது, ஆக மாசம் 38,000 சொச்சம். மழை வந்து ஓ.டி. குறைஞ்சா இதுவும் குறையும். அக்டோபர்ல பாதி மாசம்தான் வேலை பாத்தேன், அதான் 10,000 மட்டும் அனுப்பியிருக்கேன். அடுத்த மாசத்துல இருந்து முழுசா வரும்.

வர்ற காசுல முதல்ல கடைவீதிக்காரர் ஒன்றரை லட்சத்தை அடைங்க. மூணு வட்டிக்கு மாசம் 4,500 போகுது. சொசைட்டியில இருக்கற அம்மா சங்கிலிக்கு நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய்கூட வராது, அது கடைசியில திருப்பிக்கலாம். கழுத்து வெறுமையா இருக்கேன்னு அம்மாவுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனாலும் வட்டிக்காரனை முதல்ல முடிக்கிறதுதான் நமக்கு நல்லது. வீட்டுச் செலவுக்கு 8,000 எடுத்துக்கிட்டு மிச்சத்தை அங்க கட்டினா வைகாசிக்குள்ள முடிஞ்சிடும். கட்டுறப்பல்லாம் நோட்டுல அவர் கையெழுத்து வாங்கிக்கங்க. ஆட்டை மட்டும் விக்க வேண்டாம். சினையாடு ரெண்டும் குட்டி போடட்டும். மாடி எடுக்கற பேச்சு இப்ப யாரும் எடுக்கக் கூடாது, சித்தப்பாகிட்டயும் சொல்லிடுங்க.

மாமா மகன் மணியும் இங்க வரணும்னு நிக்கிறானாமே. வேலைக்கு அனுமதின்னு இங்க அரசாங்கம் கொடுக்கற ஐ.பி.ஏ. பேப்பரைக் கண்ணால பாக்காம ஏஜென்ட் கையில ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. பேசிக் எவ்வளவு, எதுக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு அதுலயே இருக்கும். வாய்ல சொல்றதுக்கும் பேப்பருக்கும் ரொம்ப தூரம். பேப்பரை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, இங்க விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டிச் சொல்றேன்.

கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சா? மிளகாய் நாத்து மழையில அழுகலையே? மேலக்காட்டுல தண்ணி நிக்காம வாய்க்காலை வெட்டி விடுங்க. குனிஞ்சு நீங்க வெட்ட வேண்டாம், ஆள் கூலி என் கணக்குல வச்சுக்கங்க.

முருகேசண்ணன் கொண்டு வர்ற பையில கோடாலித் தைலம் ஆறு பாட்டில் இருக்கு. மூணு அப்பா முட்டிக்கு, ஒண்ணு அப்பத்தாவுக்கு, மிச்சம் யாராவது கேட்டா கொடுங்க, கேக்காம இருக்க மாட்டாங்க. மைலோ டின்னும் சாக்லேட்டும் பிரியாவுக்கு. பிரியா, பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷ ஃபீஸ் எப்ப கட்டணும்னு தேதியை மெசேஜ் போடு, கடைசி நாள்ல சொல்லாத.

முருகேசண்ணன் மார்கழி கடைசியில இங்க திரும்பி வருவாரு. அவர்கிட்ட நம்ம முண்டு மிளகாய் போட்டு அரைச்ச குழம்புப் பொடி ஒரு கிலோ, பருப்புப் பொடி அரைக் கிலோ கொடுத்து விடும்மா. நல்லாக் காய வச்சு ரெண்டு கவர் போட்டுக் கட்டு, பையில கொட்டிடப் போகுது. அவர் வீட்டுக்கு வந்தா சாப்பிடாம அனுப்பாதீங்க, இங்க வந்த புதுசுல எனக்கு மெத்தையும் பக்கெட்டும் கொடுத்தது அவர்தான்.

இங்க ராத்திரி ஒன்பதரைன்னா அங்க ஏழு மணி. அந்த நேரத்துக்கு போனை சார்ஜ் போட்டு வைங்க.

இப்படிக்கு
அன்பு மகன்
செந்தில்