எந்த போன் என்று முதலில் கேட்பது ஏன்?

வணக்கம் சார்,

பால் சங்க ஆப் உதவிக்கு வரும் காலை அழைப்புகள் நீண்டுகொண்டே போகின்றன, அதனால் போன் விவரம் கேட்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். அந்தக் கேள்விக்கு அரை நிமிஷம் ஆவது உண்மைதான். ஆனால் கேட்காமல் விட்டால் அதே ஆள் மத்தியானத்துக்குள் மறுபடி அழைக்கிறார். அது நம் பதிவில் புது அழைப்பாக ஏறிவிடுவதால், காலையில் மிச்சம் பிடித்த அரை நிமிஷம் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

நமக்கு அதிகம் வரும் புகாரையே எடுத்துக்கொள்ளுங்கள்: "பால் ஊத்தினதும் வர்ற மெசேஜ் ஆப்ல வரல." கொழிஞ்சாம்பாறையில் இருந்து வந்தாலும் வேலந்தாவளத்தில் இருந்து வந்தாலும் இதே வார்த்தைகள்தான். காரணம் மட்டும் போனுக்கு போன் மாறும்.

ஆண்ட்ராய்டு 13, அதாவது 2022-இல் வந்த பதிப்பு முதல், புதிதாகப் போடும் எந்த ஆப்பும் அறிவிப்பு காட்டப் பயனரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவசரத்தில் "Don't allow" அழுத்தியவருக்கு அப்புறம் ஒன்றும் வராது. செட்டிங்ஸில் போய் அதைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் 12 அல்லது அதற்கு முந்தைய போனில் ஆப் இப்படி அனுமதி கேட்பதே இல்லை. அங்கே பெரும்பாலும் பேட்டரி சேமிப்புதான் தொல்லை: சில கம்பெனி போன்கள் திரையில் இல்லாத ஆப்பைத் தானாகவே நிறுத்திவிடும். அதை மாற்றும் இடமும் கம்பெனிக்கு கம்பெனி வேறு. எந்த போன் என்று தெரியாமல் வழி சொன்னால், இல்லாத பட்டனைத் தேடச் சொல்லி ஒரு விவசாயியைப் பத்து நிமிஷம் அலைக்கழிப்போம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. போன வாரம் எருத்தேம்பதியில் இருந்து வந்த ஒரு அழைப்பில் நடந்த பேச்சு இது:

"அண்ணா, இப்ப பேசுற போன்லதான் ஆப் இருக்குதுங்களா?"

"இல்லைங்க, இது பட்டன் போனு. ஆப் பையன் போன்ல இருக்குது. அவன் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போயிட்டான்."

அந்தப் பெரியவருக்கு அப்போது நம்மால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பையன் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷத்தில் வைத்துவிட்டோம். கேட்காமல் இருந்திருந்தால் "ஆப்பைத் திறங்க, மேல மூணு புள்ளி தெரியுதா" என்று ஆரம்பித்திருப்போம். சங்கத்தில் பதிவானது அப்பா நம்பர், ஸ்மார்ட்போன் பிள்ளைகளுடையது என்ற நிலைமை நம் ஊர்களில் சர்வசாதாரணம். அதனால் மாடல் கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சர்வரின் லாக் பதிவில் போன் விவரம் தானாக வருமே என்றும் கேட்டிருந்தீர்கள். ஆப்பில் இருந்து வருபவர்களுக்குச் சரி. குரோமில் நம் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு இப்போது கிடைப்பது இவ்வளவுதான்:

```
Mozilla/5.0 (Linux; Android 10; K) AppleWebKit/537.36
(KHTML, like Gecko) Chrome/124.0.0.0 Mobile Safari/537.36
```

இதைப் பார்த்து ஆண்ட்ராய்டு 10 என்று நினைக்கக் கூடாது. பயனரை அடையாளம் காண முடியாதபடி, எல்லா ஆண்ட்ராய்டு போனுக்கும் குரோம் இதே "Android 10, K"-வைத்தான் அனுப்புகிறது. குரோம் பதிப்பு எண்ணிலும் முதல் பகுதி மட்டும்தான் நிஜம். ஐபேடு இன்னும் மோசம்: சஃபாரியில் திறந்தால் மேக் கம்ப்யூட்டர் என்றே பதிவாகும். ஆகவே வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும்.

சங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கும் இது பொருந்தும். செயலாளர் "பில் பக்கம் பாதிதான் தெரியுது" என்றால் விண்டோஸ் எது என்று முதலில் கேட்கிறோம். விண்டோஸ் 7 என்றால் அதில் குரோம் 109-க்கு மேல் ஏறாது. "குரோமை அப்டேட் பண்ணுங்க" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, நேராக டெவலப்பர்களிடம் போய்விட வேண்டியதுதான். அவர்களும் விவரம் இல்லாத டிக்கெட்டைத் திருப்பி அனுப்புவதால், நாம் எப்படியும் மறுபடி கூப்பிட்டுக் கேட்கத்தான் போகிறோம்.

கேள்வியைச் சுருக்க நானும் விரும்புகிறேன். மாடல் நம்பர் யாருக்கும் நினைவில் இருக்காது. அதனால் கம்பெனி பெயர் மட்டும் கேட்போம். பதிப்பு எண்ணுக்கு, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு செட்டிங்ஸில் "About phone" பார்க்கச் சொல்வோம். போன் மலையாளத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை வாட்ஸாப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பச் சொல்வோம், மலையாளம் படிக்கிறவர்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒருமுறை கிடைத்த விவரத்தை உறுப்பினர் எண்ணோடு சேமித்தால், அடுத்த தடவை "அதே போன்தானே?" என்று கேட்டாலே போதும்.

அதைச் சேமிக்க டிக்கெட் பக்கத்தில் ஒரு புது கட்டம் வேண்டும். வாரக் கணக்கிலும் அழைப்பின் நீளத்தோடு, அதே உறுப்பினர் அதே பிரச்சினைக்கு மறுபடி அழைத்தாரா என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் அப்படிப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் சார்.