மண்டபம் பள்ளிக்குப் போகும் பாப்பாவுக்கு: பின்னம், தசமம் சொற்கள்

பாப்பா, இதைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள். நீ ஆறாம் வகுப்பு வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்த கணக்கேதான் இங்கேயும். பெயர்தான் வேறு.

ஃபிராக்சன் – பின்னம்
நியூமரேட்டர் – தொகுதி (மேலே இருப்பது)
டினாமினேட்டர் – பகுதி (கீழே இருப்பது)

பகுதி என்றதும் 'பார்ட்' என்று நினைத்து மேலே எழுதிவிடாதே. முழுசை எத்தனையாகப் பகுத்தோம் என்று சொல்வது அது, அதனால் கீழேதான் வரும்.

வாசிப்பதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். ⅜ என்பதை அங்கே 'த்ரீ பை எய்ட்' என்றாய், மேலிருந்து கீழே. இங்கே டீச்சர் 'எட்டில் மூன்று' என்பார், கீழே உள்ளதுதான் முதலில். டிக்டேஷனில் 'ஐந்தில் இரண்டு' என்று காதில் விழுந்தால் ⅖ எழுது. முதல் ஒரு வாரம் தினமும் பத்துப் பின்னத்தைச் சத்தமாக வாசி, பழகிவிடும்.

½ அரை, ¼ கால், ¾ முக்கால், ⅛ அரைக்கால்.

ப்ராப்பர் – தகு பின்னம்
இம்ப்ராப்பர் – தகா பின்னம்
மிக்ஸட் – கலப்பு பின்னம்

கலப்பு பின்னம் உனக்கு ஏற்கெனவே தெரியும். ஆச்சி நண்டு வாங்கும்போது 'ரெண்டேகால் கிலோ' என்கிறாளே, அது 2¼. தகா பின்னமாக மாற்றினால் 9/4, நான்கில் ஒன்பது.

ஈக்குவலன்ட் – சமான பின்னங்கள்
லைக், அன்லைக் – ஓரின, வேற்றின பின்னங்கள்
எல்.சி.எம். – மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு)
ரெசிப்ரோக்கல் – தலைகீழி

¾ + ⅛ வேற்றினம். மீ.சி.ம. 8. 6/8 + 1/8 = 7/8, எட்டில் ஏழு. வகுத்தல் வந்தால் இரண்டாவது பின்னத்தின் தலைகீழியால் பெருக்கு.

டெசிமல் – தசமம்
டெசிமல் பாயின்ட் – தசமப் புள்ளி
ப்ளேஸ் வேல்யூ – இட மதிப்பு
டென்த்ஸ், ஹண்ட்ரட்த்ஸ், தவுசன்த்ஸ் – பத்தில் ஒன்றுகள், நூறில் ஒன்றுகள், ஆயிரத்தில் ஒன்றுகள்
ரவுண்டிங் – முழுமையாக்குதல்

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நீளம் 2.065 கி.மீ. வாசிக்கும்போது 'இரண்டு புள்ளி பூஜ்ஜியம் ஆறு ஐந்து'. புள்ளிக்கு அப்புறம் 'அறுபத்தைந்து' என்று சேர்த்துச் சொல்லக்கூடாது, அந்தப் பூஜ்ஜியம் காணாமல் போய்விடும். அது பத்தில் ஒன்றுகள் இடம், 6 நூறில் ஒன்றுகள் இடம், 5 ஆயிரத்தில் ஒன்றுகள் இடம். இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 2.07.

மீன் கடைத் தராசில் 2.750 என்று வந்தால் அது இரண்டே முக்கால் கிலோ. கடைசி பூஜ்ஜியத்தை எடுத்தாலும் மதிப்பு மாறாது.

கேள்வித்தாளில் வரும் சொற்கள்: சிம்ப்ளிஃபை – சுருக்குக. கம்பேர் – ஒப்பிடுக. கன்வெர்ட் – மாற்றுக. அசென்டிங் ஆர்டர் – ஏறு வரிசை. டிசென்டிங் – இறங்கு வரிசை.

பரீட்சையில் சொல் மறந்தால் வழிமுறையை விட்டுவிடாதே, முழுசாகப் போட்டுக் காட்டு. சதவீதப் பாடம் தொடங்கும்போது சொல், அதற்கும் எழுதித் தருகிறேன்.

– அத்தை