பர்ன், ரன்வே கணக்கு: 31 மார்ச் 2025 நிலவரம்

சனிக்கிழமை (5 ஏப்ரல்) உட்காருவதற்கு முன் நீங்கள் இருவரும் இதைப் படித்துவிட்டு வாருங்கள். பேச வேண்டியது ஒன்றுதான். நம் ரன்வே, அதாவது கையிலிருக்கும் பணம் தாங்கும் காலம், 16 மாதம் என்று ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இருப்பது 7 மாதம்.

முதலில் கையிருப்பு. வங்கியில் 24,60,000 ரூபாய் தெரிகிறது. அதில் மார்ச் ஜிஎஸ்டி 58,000. ஏப்ரல் 20க்குள் கட்ட வேண்டும். சர்வருக்குத் தேய்த்த கிரெடிட் கார்டு பாக்கி 84,000. நம் சேவைக்கான சந்தாவை ரத்து செய்த திருமங்கலம் கல்யாண மண்டபத்துக்குத் திருப்பித் தர வேண்டியது 18,000. இந்த 1,60,000 நம் கணக்கில் தூங்குகிற ஊரார் பணம். நம்முடையது 23,00,000. இனி இந்த எண்ணை மட்டும் பேசுவோம். கீழே உள்ள எல்லாத் தொகையும் ஜிஎஸ்டி நீக்கியது.

அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்தில் வரவு 19,00,000, செலவு 27,50,000. செலவு சராசரி மாதம் 4,58,000. அக்டோபரில் கொடுத்த தீபாவளி போனசும் இதில் அடக்கம். நிகர பர்ன், அதாவது வரவு போகக் கையிலிருந்து கரைந்தது, மாதம் சுமார் 1,42,000. இருபத்து மூன்று லட்சத்தை இதால் வகுத்தால் 16 மாதம் வருகிறது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட ஆறு மாதம்தான் தப்பு.

அந்த 19 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தேன். 9,60,000 தையில் 32 மண்டபங்கள் கட்டிய ஆண்டுச் சந்தா, தலைக்கு 30,000. முகூர்த்த அட்வான்ஸ் கையில் புரளும்போதுதான் மண்டபக்காரர்கள் நமக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அடுத்த தை வரை அவர்களிடமிருந்து சந்தா வராது. வேலை மட்டும் பன்னிரண்டு மாதமும் நாம் செய்ய வேண்டும். இன்னொரு 2,00,000 மார்ச்சில் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்து கொடுத்த தனி வேலை. அது மறுபடி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சம் 7,40,000, மாதம் 1,23,000. நம் மாதாந்திர வருமானம் என்று தைரியமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்தக் கணக்கில் நிகர பர்ன் 3,35,000, ரன்வே ஏழு மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

சரி, சந்தாவை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நியாயமில்லை. தை வந்தால் பெரும்பாலும் புதுப்பிப்பார்கள். ஆகவே சராசரியை விட்டுவிட்டு மாதம் மாதமாக ஓட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணத்துக்கு மாதக் கடைசியில் பில் போடுகிறோம், அடுத்த மாதம்தான் பணம் வருகிறது. அதனால் ஆடி நம்மைத் தாக்குவது ஆகஸ்ட், செப்டம்பரில். புரட்டாசி தாக்குவது அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும். தீபாவளி இந்த வருஷம் அக்டோபர் 20. போனஸ் 1,35,000 சரியாக அந்த இடத்தில் வந்து விழுகிறது.

| மாதம் | வரவு | செலவு | மாத முடிவில் கையிருப்பு |
|---|---|---|---|
| ஏப்ரல் | 1,70,000 | 4,45,000 | 20,25,000 |
| மே | 1,92,000 | 4,45,000 | 17,72,000 |
| ஜூன் | 2,60,000 | 4,45,000 | 15,87,000 |
| ஜூலை | 2,10,000 | 4,45,000 | 13,52,000 |
| ஆகஸ்ட் | 1,00,000 | 4,45,000 | 10,07,000 |
| செப்டம்பர் | 85,000 | 4,45,000 | 6,47,000 |
| அக்டோபர் | 1,75,000 | 5,80,000 | 2,42,000 |
| நவம்பர் | 90,000 | 4,45,000 | -1,13,000 |
| டிசம்பர் | 1,80,000 | 4,45,000 | -3,78,000 |

மாத முடிவு எண்கூட முழு உண்மையைச் சொல்லாது. சம்பளம் 1ஆம் தேதி போகிறது: ஐந்து பேருக்கு 2,65,000, நம் மூவருக்கும் தலைக்கு 20,000 வீதம் 60,000, மொத்தம் 3,25,000. நவம்பர் 1 காலையில் கையில் 2,42,000. அன்றே தட்டுகிறது. ஜனவரி 1 சம்பளத்தையும் போட்டால் பள்ளம் 7,03,000. தை பிறக்க அப்புறமும் இரண்டு வாரம் கிடக்கிறது. நாம் அடைக்க வேண்டிய ஓட்டையின் அளவு இந்த ஏழு லட்சம்தான்.

அட்டவணையில் புது மண்டபங்களைச் சேர்க்கவில்லை. விண்ணப்பித்திருக்கும் டான்சீட் நிதியையும் சேர்க்கவில்லை. வரட்டும், வந்தபின் எழுதிக்கொள்வோம். நிலுவை 5,20,000இல் ஒரு மாதத்துக்குள் உள்ள ஒரு லட்சத்துக்கு 90,000, இரண்டு மாதத்துக்குள் உள்ள 60,000க்கு 42,000 என்று எடுத்திருக்கிறேன். மீதி 3,60,000 ஒரே வாடிக்கையாளரிடம், எழுபது நாளாக. அதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அந்த 3,60,000தான் முதல் வேலை. நாம் உதயம் பதிவு பெற்ற குறு நிறுவனம். ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதோடு வருமான வரியில் 43B(h) பிரிவின்படி, தாமதித்த தொகையைக் கொடுத்த வருஷத்தில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31 தாண்டிவிட்டதால் போன வருஷக் கணக்கில் அவர்களுக்கு அந்தக் கழிவு இல்லை. சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் நாளைக்கு அதே ஆள் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் எதிரே உட்கார்ந்திருப்பார், இது மதுரை. முதலில் நான் நேரில் போய் அவர்களுடைய ஆடிட்டரிடம் பேசுகிறேன். சித்திரைத் திருவிழா நெருங்கினால் யாரையும் பிடிக்க முடியாது, ஆகவே ஏப்ரல் 15க்குள்.

இரண்டாவது, மெசேஜ் செலவு. விருந்தினருக்குப் போகும் அழைப்பு, நினைவூட்டல் எல்லாம் நம் தலையில் விழுகிறது. மாட்டுத்தாவணியில் மல்லி விலை ஏறுகிற முகூர்த்த நாளில் நம் மெசேஜ் பில்லும் ஏறுகிறது. மே முதல் அதை மண்டபத்தின் கணக்குக்கே மாற்றினால் மாதம் 20,000 மிச்சம். டிசம்பர் வரை 1,60,000. முணுமுணுப்பார்கள். ஓரிருவர் விலகினாலும் கணக்கு நிற்கும்.

மூன்றாவது, ஜூலை முதல் நாம் மூவரும் எடுக்கும் சம்பளம் பாதி. ஏழு மாதத்தில் 2,10,000. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் ஜூனில் முடிந்துவிடும் என்பதால்தான் ஜூலை என்று போட்டேன். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

மூன்றும் நடந்தால் 7,30,000. பள்ளத்தை அடைத்து 27,000 மிஞ்சும், பத்து நாள் சம்பளத்துக்குக்கூடக் காணாது. அதனால் இரண்டாவது சேல்ஸ் ஆளை எடுப்பது இப்போதைக்கு வேண்டாம்.

ஆவணியிலேயே பத்து சதவீதத் தள்ளுபடியில் சந்தாவைப் புதுப்பிக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பத்து மண்டபம் வந்தால் 2,70,000 கிடைக்கும், உண்மை. ஆனால் அது தைப் பணம். முப்பதாயிரம் நஷ்டத்தில் விதை நெல்லைக் குத்தித் தின்பது. அதைவிட புதிதாக வரும் மண்டபங்களை ஆறு மாதச் சந்தாவுக்கு, ஆனியிலும் மார்கழியிலும் கட்டுகிறபடி பழக்கினால் அடுத்த வருஷம் இந்த அட்டவணையே இவ்வளவு கோணலாக இருக்காது.

ஜூலை 31 அன்று, அந்த 3,60,000ஐச் சேர்க்காமல், கையிருப்பு 14,42,000 இருக்க வேண்டும். 12 லட்சத்துக்குக் கீழே போனால் தேனி, சிவகங்கைப் பயணங்களை அன்றே நிறுத்துகிறோம், காத்திருப்பதில்லை. ஓவர்டிராஃப்ட் கேட்பதானால் ஜூனிலேயே கேட்க வேண்டும். பதினைந்து லட்சம் இருக்கும்போது மேனேஜர் டீ வாங்கித் தருவார், இரண்டு லட்சம் இருக்கும்போது உட்காரச் சொல்வாரா என்பதே சந்தேகம். அதற்கு வேண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்ன்களையும் இரண்டு வருஷ பேலன்ஸ் ஷீட்டையும் ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை கையோடு கொண்டு வருகிறேன்.