நம் கடைப் பெயரில் பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, வத்தல்: 2026-27 சொந்த பிராண்ட் திட்டம்

பெறுநர்: இயக்குநர்கள், 38 கிளைகளின் மேலாளர்கள், கொள்முதல் மற்றும் கிடங்குப் பிரிவுகள்
அனுப்புவது: சொந்த பிராண்ட் பிரிவு, தலைமை அலுவலகம், மதுரை

எடுத்த எடுப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறோம். இப்போது கடையின் பெயரிலும், நாமே வைத்துக்கொண்ட வேறு மூன்று பெயர்களிலுமாக 64 சரக்குகள் விற்கிறோம். ஜூன் 1 முதல் அது நான்காகக் குறையும்: துவரம் பருப்பு, உருட்டு உளுந்து, இட்லி அரிசி, குண்டு வத்தல். நான்கிலும் கடையின் பெயர் மட்டுமே இருக்கும். மற்ற மூன்று பெயர்களும் கையிருப்பு தீர்ந்ததும் முடிந்தன. அந்தப் பெயர்களைக் கேட்டு யாரும் கடைக்கு வந்ததில்லை, போனாலும் யாரும் தேடப்போவதில்லை.

ஃபினாயில், டிஷ்யூ பேப்பர் போன்றவற்றில் சொந்தப் பெயர் போட்டு விற்பது சுலபம். விலை குறைவாக இருந்தால் போதும், எடுத்துவிடுவார்கள். பருப்பு அப்படியில்லை. வாங்குகிறவர் வாரத்தில் நான்கு நாள் அதைக் குக்கரில் வைக்கிறார். மூன்று விசிலில் குழையவில்லை என்றால் அன்றைக்குச் சாம்பார் போச்சு, அதோடு நம் பருப்பும் போச்சு. புகார் சொல்லக்கூட வரமாட்டார். அடுத்த மாதம் கை பக்கத்துப் பாக்கெட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

பெயர்பெற்றவர்களிடம் இருப்பது என்ன

உதயம் பருப்பு, இதயம் நல்லெண்ணெய், சக்தி மசாலா என்று பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் விளம்பரத்தை மட்டும் நம்பிக் கேட்பதில்லை. போன மாதம் எப்படி இருந்ததோ, இந்த மாதமும் அப்படியே இருக்கும் என்பதால் கேட்கிறார்கள். 1983-ல் டாடா சால்ட் வந்தபோது ஊரெல்லாம் உப்பைச் சாக்கிலிருந்து அளந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தது. உப்பைப் போய் யார் பாக்கெட்டில் வாங்குவார்கள் என்று அன்றைக்குக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே மாதிரி இருந்தது, அப்புறம் யாரும் கேட்கவில்லை.

நம்மிடம் இல்லாதது இதுதான். நம் பெயர் போட்ட துவரம் பருப்பில் ஒரு மாதம் கலபுரகிச் சரக்கு, அடுத்த மாதம் பர்மா, அதற்கடுத்து மொசாம்பிக் அல்லது தான்சானியா. மண்டியில் அன்றைக்கு எது இறங்கி நிற்கிறதோ அது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மோசமான சரக்கு இல்லை. ஆனால் ஒரே பையில், ஒரே பெயரில், மாதத்துக்கு ஒன்றாக மாறினால் வேகும் நேரம் மாறும், நிறம் மாறும், ருசி மாறும். வீட்டில் அதைச் "சரியில்லை" என்றுதான் சொல்வார்கள், அதில் தப்பும் இல்லை.

வெளிநாட்டுச் சங்கிலிக் கடைகளும் இந்த வழியில்தான் வந்திருக்கின்றன. பிரான்ஸில் கேரஃபோர் 1976-ல் பெயரே இல்லாத வெள்ளைப் பொட்டலங்களாக 50 சரக்குகளை இறக்கியது. அவை விலையைச் சொல்லி விற்றவை. காஸ்ட்கோ 1995-ல் கிர்க்லண்ட் சிக்னேச்சர் என்ற ஒரே பெயருக்கு வந்தபோது எடுத்த வழி வேறு. பெரிய பிராண்டுக்குச் சமமான தரம், அதைவிடக் குறைந்த விலை. அதன் ஒரு காபிப் பையில் வறுத்துக் கொடுத்தது ஸ்டார்பக்ஸ் என்று அச்சடித்தே விற்றார்கள். யார் செய்தது என்று மறைக்காமல் சொன்னது நமக்கும் பாடம். அதைப் பின்னால் பையின் வாசகத்தில் பார்க்கலாம்.

சரக்கு

ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே ரகம், ஒரே மூலம், ஆண்டு ஒப்பந்தம். துவரைக்குக் கலபுரகி, உடைத்துக் கொடுப்பது விருதுநகரில் இரண்டு மில்கள் மட்டும், இரண்டிலும் சார்டெக்ஸ் உண்டு. எண்ணெய் தடவாத பருப்பு. குண்டு வத்தல் ராமநாதபுரம் மாவட்டத்துச் சரக்கு, காம்புடன். அறுவடை கெட்டுச் சரக்கு கிடைக்காமல் போனால் வேறு ஊர்ச் சரக்கை நம் பையில் போடமாட்டோம். ஷெல்ஃப் காலியாக இருக்கட்டும். "இந்த மாதம் நம் தரத்தில் பருப்பு வரவில்லை" என்று அட்டை எழுதி வைப்போம். கிளை மேலாளர்களுக்கு இது கசக்கும், தெரியும். ஆனால் அந்த அட்டையைப் படித்துவிட்டுப் போகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

லாட் வந்ததும் கிடங்கில் மூன்று நாள் நிற்கும். அதற்குள் சமைத்துப் பார்க்கப்படும். ஆய்வகச் சான்றிதழ் வேறு, அடுப்பு வேறு; இரண்டும் வேண்டும். துவரையில் 100 கிராம் எடுத்து, ஊறவைக்காமல், ஒரு குக்கரில் கேன் தண்ணீரிலும் இன்னொன்றில் போர் தண்ணீரிலும் மூன்று விசில். கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் இரண்டும் மசிய வேண்டும். போர் தண்ணீரை ஏன் சேர்த்தோம் என்றால், உப்புத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது, நம் கிளைகளில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட தண்ணீர் ஊர்களில்தான் இருக்கின்றன. அலுவலகக் கேன் தண்ணீரில் வெந்ததைக் காட்டிச் சரக்கைத் தேற்றிவிட முடியாது. பழைய சரக்கும், வெயிலில் கிடந்த சரக்கும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

உளுந்துக்கு வேறு சோதனை. 200 கிராம் ஊறவைத்து, கிரைண்டரில் ஒரே அளவு நேரம் ஆட்டி, அளவுப் பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின்போது முத்திரையிட்டு வைத்த மாதிரி உளுந்தும் அதே நாளில் ஆட்டப்படும். அதைவிட மாவு குறைந்தால் லாட் திரும்பிப் போகும். "உளுந்து மாவு காணவில்லை" என்ற பேச்சு ஒரு தெருவில் கிளம்பிவிட்டால் அதை எந்தச் சலுகை விலையும் அடக்காது. இட்லி அரிசிக்குத் தனிச் சோதனை தேவையில்லை. அந்த உளுந்தோடு சேர்த்து மறுநாள் இட்லி ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

வத்தலில் கவனம் கூடுதலாக வேண்டும். எடை நிற்பதற்காகத் தண்ணீர் தெளிப்பது பழைய பழக்கம். தெளித்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின். மசாலாப் பொருள்களுக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். ஒவ்வொரு லாட்டுக்கும் இந்தப் பரிசோதனையும் சூடான் சாயப் பரிசோதனையும் உண்டு. துவரைக்குக் கேசரிப் பருப்புக் கலப்பும், மெட்டானில் மஞ்சளும் பார்க்கப்படும்.

இதையெல்லாம் மில்காரர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வதற்கு வழியில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிறர் தயாரித்த பொருளில் தன் பெயரைப் போட்டு விற்பவரையும் தயாரிப்பாளர் என்றே கணக்கில் எடுக்கிறது. பையில் பெயர் நம்முடையது, பழியும் நம்முடையதுதான்.

வண்டு

தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. பருப்புப் புகார்களில் முதல் இடம் இதற்குத்தான். பருப்புக்கும் உளுந்துக்கும் பேக் செய்த நாளிலிருந்து நான்கு மாதம் மட்டுமே கெடு. சித்திரை, வைகாசியில் கிளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. பழைய பை முன்னால், புதிய பை பின்னால். கிடங்கில் மூட்டைகள் தரையில் படக் கூடாது, சுவரில் சாயக் கூடாது.

விலை

பெரிய பிராண்டைவிட 8 சதவீதம் குறைவு, அதற்கு மேல் குறைக்க வேண்டாம். அவர்கள் பருப்பு கிலோ 190 ரூபாய் என்றால் நம்முடையது 175. 150 என்று எழுதினால் கூட்டம் வரும், கூடவே "இவ்வளவு குறைச்சலா, என்ன கலந்திருக்கிறார்களோ" என்ற சந்தேகமும் வரும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது இந்த நான்கு சரக்குக்கும் கிடையவே கிடையாது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய பருப்பு, அரிசிக்குப் பிராண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி உண்டு. அதனால் பெயர் போடாமல் விற்று வரியில் மிச்சம் பிடிக்கலாம் என்ற பழைய கணக்கும் இப்போது செல்லாது.

கொள்முதல் பிரிவு ஒரு நியாயமான கேள்வி கேட்டது: மண்டியில் திடீரென்று நல்ல சரக்கு விலை இறங்கி வந்தால் விட்டுவிடுவதா? வேண்டாம், வாங்குங்கள். அதை லூஸ் பருப்பாகவோ, ஊர்ப் பெயர் எழுதிய சாக்கிலோ விற்கலாம். நம் பைக்குள் அது போகக் கூடாது. முதல் ஆண்டில் இந்தப் பிடிவாதத்தால் லாபம் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் குறையும் என்று கணக்கிட்டிருக்கிறோம். அதை ஏற்றுக்கொள்ள இயக்குநர்களின் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் இந்தத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

பையும் பேச்சும்

பையில் படம் கிடையாது. முன்பக்கம் முழுவதும் உள்ளிருப்பது தெரியும் தெளிவான பிளாஸ்டிக். பின்பக்க வாசகம் இது:

"கலபுரகித் துவரை. விருதுநகரில் உடைத்தது. எண்ணெய் தடவவில்லை, நிறம் சேர்க்கவில்லை. இந்த லாட்டைப் போர் தண்ணீரில் வேகவைத்துப் பார்த்த பிறகே உங்களிடம் அனுப்பினோம். வேகவில்லை என்றால் மீதிப் பருப்பைக் கொண்டு வாருங்கள், பில் தேவையில்லை. முழுப் பணத்தையும் தருகிறோம்."

இதற்குக் கீழே மில்லின் பெயர், உரிம எண், லாட் எண், பேக் செய்த தேதி. சட்டம் கேட்கும் மற்ற விவரங்களும் அங்கேயே.

பணம் திருப்பித் தருவதில் கிளை மேலாளரிடம் கேட்க வேண்டியதில்லை. பில் போடும் பெண்ணே கொடுக்கலாம். பாதிப் பை கொண்டுவந்தாலும் முழுப் பணம். சிலர் ஏமாற்றுவார்கள். ஏமாற்றட்டும், அந்தச் செலவு விளம்பரக் கணக்கில் போகும். திரும்பி வந்த பை மட்டும் குப்பைக்குப் போகக் கூடாது, லாட் எண்ணோடு அன்றே கிடங்குக்கு வர வேண்டும்.

ஷெல்ஃபில் நம் பை பெரிய பிராண்டுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் நிற்கும். அவர்களைக் கீழ்த் தட்டுக்குத் தள்ளக் கூடாது. பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்தால்தான் அது நம்பி எடுத்தது.

ஊழியர்கள் சொல்ல வேண்டியதும் கொஞ்சம்தான். இப்போது நடப்பது இப்படி:

"ஏம்ப்பா, இது உங்க கடைப் பருப்பா? நல்லா வேகுமா?"

"நல்லாருக்கும்க்கா, ரேட்டும் கம்மிக்கா."

அந்தத் தம்பி அந்தப் பருப்பைச் சாப்பிட்டதே இல்லை, கேட்டவருக்கும் அது தெரியும். மே மாதச் சம்பளத்தோடு எல்லா ஊழியர் வீட்டுக்கும் நான்கு சரக்கிலும் ஒரு கிலோ இலவசமாகப் போகும். அதன் பிறகு அவர்கள் வீட்டில் எப்படி வந்ததோ அதையே சொல்லட்டும். குறை இருந்தால் ஜூன் 1-க்கு முன் நமக்குச் சொல்லட்டும். "கம்மி ரேட்" என்ற பேச்சை விட்டுவிடலாம், விலை ஷெல்ஃபிலேயே எழுதியிருக்கிறது.

எதைத் தொடவில்லை

மசாலாப் பொடிகளும் நல்லெண்ணெயும் இப்போதைக்கு வேண்டாம். குழம்புப் பொடியின் ருசி ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே ஒரு பிராண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே போட்டிக்குப் போக நமக்கு இன்னும் தகுதி வரவில்லை. எண்ணெயில் ஒரு லாட் தவறினால் பருப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

எப்படி அளப்போம்

மொத்த விற்பனையைப் பார்க்கமாட்டோம். உறுப்பினர் அட்டைக் கணக்கில், நம் பருப்பை ஒருமுறை வாங்கியவர்களில் எத்தனை பேர் 45 நாளுக்குள் மறுபடி அதையே வாங்கினார்கள் என்பது ஒன்றே அளவு. டிசம்பருக்குள் பத்தில் ஆறு பேர் திரும்ப வேண்டும். நான்குக்குக் கீழே இருக்கும் சரக்கை ஜனவரியில் நிறுத்திவிடுவோம். ஆறைத் தாண்டியவை தொடரும். ஐந்தாவது சரக்காகப் பாசிப்பருப்பைச் சேர்க்கலாமா என்று அப்போது பேசலாம்.

மில் ஒப்பந்தங்களின் நகல் இத்துடன் இருக்கிறது. லாபக் குறைவுக்கான ஒப்புதலை ஏப்ரல் 20-க்குள் தர வேண்டுகிறோம். அதற்குப் பிறகு என்றால் பை அச்சாகி வர ஜூலை ஆகிவிடும்.