வேனல் கட்டி

அத்தானுக்கு அந்த கட்டி வந்தது திங்யான் தண்ணி திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடி. வலது தொடையில பின்பக்கம், டாக்ஸி ஓட்டுறப்ப சீட்டு விளிம்பு வந்து அழுத்துற அதே எடத்துல, ஒரு மிளகு அளவுக்குதான் இருந்துச்சாம். யாங்கோன்ல ஏப்ரல் மாசத்து வெயில் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, உடம்பு பூரா வேர்க்குரு, அதுல இது ஒரு வேனல் கட்டி, தன்னால பழுத்து ஒடஞ்சு போயிடும்னு அவரு விட்டுட்டாரு. அக்காகிட்டகூட சொல்லல. கைலிக்குள்ள இருக்கற விஷயம், யாருக்கு தெரியும்?

நான் அவங்க கூடத்தான் தாக்கேட்டா வீட்டுல இருக்கேன், கல்யாணம் ஆகாத மச்சினன், ஒரே ரூம்ல நடுவுல துணி கட்டி தூங்குறோம், அப்படி இருந்தும் எனக்கே தெரியல. ஒண்ணு மட்டும் கவனிச்சேன், வழக்கமா சம்மணம் போட்டு உக்காந்து சாப்புடுற மனுஷன் ரெண்டு நாளா ஒரு காலை நீட்டிக்கிட்டு சாப்புட்டாரு. கேட்டா "கால் மரத்துப்போச்சுடா"ன்னாரு. சரின்னு விட்டுட்டேன். இப்ப நினைச்சா மனசு அடிச்சுக்குது.

வண்டி அவரோடது இல்ல. ஓட்டினாலும் ஓட்டலன்னாலும் தினம் ஓனர் காசு கட்டணும், திருவிழாவுக்கு எல்லாரும் ஊருக்கு போற நேரம், பஸ் ஸ்டாண்டுக்கும் ஏர்போர்ட்டுக்கும் சவாரி நிக்காம வரும், அந்த ஒரு வாரத்துல சம்பாதிக்கறதுதான் மழைக்காலத்துக்கு கை கொடுக்கும். அதுனால அவரு சீட்டுல விரிச்சிருந்த மரமணி கவரை எடுத்துட்டு ஒரு துண்டை நாலா மடிச்சு போட்டுக்கிட்டாரு, இடது பக்கமா சாஞ்சு உக்காந்து ஓட்டினாரு, ஆனா ஆக்சிலேட்டரும் பிரேக்கும் வலது காலுதானே, ஒவ்வொரு சிக்னலுக்கும் அந்த எடம் சீட்டுல உரசிக்கிட்டே இருந்துச்சு. தாகம் வேற. காலையில அக்கா ரொப்பி குடுக்குற ரெண்டு பெரிய பாட்டில் தண்ணியும் பத்து மணிக்கே காலி, அப்புறம் வழியில வாங்கி வாங்கி குடிக்கறது, மணிக்கொருதரம் வண்டிய ஓரம் கட்டி ஒண்ணுக்கு போறது. எல்லாம் வெயில் பண்ற வேலைன்னு நாங்களும் சொன்னோம்.

அஞ்சாவது நாள் கேஸ் போடுற கியூவுல ரெண்டு மணி நேரம் நின்னிருக்காரு. கூட நின்ன டிரைவர் ஒருத்தரு "சுண்ணாம்பு தடவு, பழுத்துரும்"னு சொல்ல, பக்கத்துல இருந்த வெத்தல கடையில சுண்ணாம்பு வாங்கி தடவிக்கிட்டாரு. அது எரிச்சல தாங்க முடியாம, வண்டிக்குள்ளயே கைலிய தூக்கி, வெத்தல கறை பட்ட ரெண்டு கட்டை விரலாலயும் அமுக்கிட்டாரு. கொஞ்சம் சீழும் ரத்தமும் வந்துச்சாம், பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சாம். அந்த அமுக்குதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு. வெளிய வந்தது கொஞ்சம், உள்ள தள்ளப்பட்டது ஜாஸ்தி.

மறுநாள் காலையில மிளகு இருந்த எடத்துல எலுமிச்சம்பழம். சுத்தி உள்ளங்கை அகலத்துக்கு செவந்து, பளபளன்னு, தொட்டா கொதிச்சிருக்கு. அரையில நெறி வேற கட்டிடுச்சு. அப்பவும் மருந்து கடையில நாலு கலர் மாத்திரைய ஒரு சின்ன கவர்ல போட்டு குடுப்பாங்களே, அத வாங்கி முழுங்கிட்டு சவாரிக்கு போயிட்டாரு.

மிங்கலாடோன் ஏர்போர்ட்டுக்கு ஒரு பர்மாக்கார அம்மாவ ஏத்திக்கிட்டு போறப்பதான் குளுர் வந்துச்சு. வெளிய தார் உருகுற வெயில், இவருக்கு பல்லு கிட்டிக்கிது. ஏசிய அணைச்சிருக்காரு, கண்ணாடிய ஏத்தியிருக்காரு, ஸ்டியரிங்ல இருந்த கை அதுபாட்டுக்கு ஆடுது. பின்னாடி இருந்த அந்தம்மா வேர்த்து கொட்டிக்கிட்டு இருந்தவங்க, திட்டாம, கைய நீட்டி இவரு தோள தொட்டு பாத்துட்டு "தம்பி, ஓரமா நிறுத்து, நான் வேற வண்டி பாத்துக்கறேன், நீ வீட்டுக்கு சொல்லு"ன்னிருக்காங்க. ஏர்போர்ட்டுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கு, முழு காசையும் டேஷ்போர்டுல வெச்சுட்டு எறங்கினாங்க. அந்தம்மா யாருன்னே தெரியாது, நல்லா இருக்கணும்.

எனக்கு போன் வந்தப்ப அவரு குரலே அவரு குரலா இல்ல. "மாப்ள, வண்டிய வந்து எடுத்துக்க"ன்னாரு. அப்பவும் வண்டிதான் முதல்ல.

நானும் அக்காவும் கிளினிக்குக்கு தூக்கிட்டு போனோம். அங்க பொம்பளை டாக்டர். காய்ச்சல் நூத்தி மூணு, இருந்தாலும் கைலிய புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறாரு, "ஆம்பளை டாக்டர் இல்லியா"ன்னு என் காதுல கேக்குறாரு. அக்கா ஒண்ணும் பேசல, அவரு விரல ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தா. பாத்ததும் அவளுக்கு வாய்விட்டு அழகூட முடியல.

டாக்டர் முதல்ல கால பாக்கல, விரல் நுனிய குத்தி சக்கரை பாத்தாங்க. முன்னூத்தி எழுபத்திரெண்டு. "எத்தன வருஷமா சக்கரை?"ன்னு கேட்டாங்க. எங்களுக்கு அன்னிக்குதான் தெரியும். அந்த தாகம், அந்த ஒண்ணுக்கு, எல்லாத்துக்கும் அப்பதான் அர்த்தம் புரிஞ்சுது. சக்கரை இருந்தா கிருமி வேகமா பரவும், புண்ணு ஆறாது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்து உசுருக்கே ஆபத்தாயிருக்கும்னு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி குடுத்தாங்க.

அங்க மரத்து போற ஊசி போட்டுத்தான் கீறினாங்க, ஆனா சீழ் கட்டின எடத்துல அந்த ஊசி சரியா புடிக்காதாம், என் கைய அவரு புடிச்ச புடியில மோதிரம் பதிஞ்ச தடம் மூணு நாள் இருந்துச்சு. கிட்டத்தட்ட ஒரு டீ கிளாஸ் சீழ். குழிக்குள்ள நீளமா துணித்திரி வெச்சு அடைச்சாங்க, சலைன், நரம்புல ஆன்டிபயாடிக், சக்கரைக்கு இன்சுலின். கடைசியா சின்ன வயசு டாக்டர் ஒருத்தரு பேனா எடுத்து, செவப்பு முடியற ஓரத்துலயே சுத்தி ஒரு கோடு போட்டாரு. "இந்த கோட்ட தாண்டுச்சுன்னா உடனே கூப்புடுங்க"ன்னாரு.

அந்த ராத்திரி கரண்ட் போயிடுச்சு, எமர்ஜென்சி லைட் ரெண்டுதான் எரிஞ்சுது. மணிக்கொருதரம் அக்கா போன் டார்ச்ச அடிச்சு தொடைய பாத்துக்கிட்டே இருந்தா. வெக்கப்பட்ட மனுஷன் தானே கைலிய வெலக்கி காட்டினாரு.

விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி கண்ணு முழிச்சாரு. சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, காய்ச்சல் எறங்குது.

"கோட்டுக்கு உள்ளயா, வெளியவா?"

அக்கா குனிஞ்சு, கோட்டுக்கும் செவப்புக்கும் நடுவுல தன் சுண்டு விரல வெச்சு பாத்தா.

"உள்ளதாங்க. ஒரு விரல் உள்ள."

"தண்ணி குடு"ன்னாரு. அரை டம்ளர் குடிச்சுட்டு, போதும்னு திருப்பி குடுத்துட்டாரு.